முப்பத்திரண்டாவது நாள்

ஆனி மாதத்துக்கு எத்தனை நாள் என்று இன்று யாராவது கேட்டால் எனக்கு உடனே ஒரு மனிதரின் முகம்தான் நினைவுக்கு வரும். அந்த முகம் வெளிறிப்போனதை நினைத்தால் இப்போதும் உள்ளே குளிர்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

எழுபத்தைந்தில் மெல்போர்னில் எங்களைப்போல யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஊரிலிருந்து தபாலில் வந்த ஒரேயொரு பஞ்சாங்கம் என்னிடம் இருந்ததால், தமிழ்த் தேதிகளைப் போட்டு எல்லோருக்கும் ஒரு நாட்காட்டித் தாள் தயாரிக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன்.

அதை எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் வாசித்தவர் சங்கச் செயலாளர். பாலங்கள் கட்டும் எஞ்சினியர். ஆனிக்கு வந்ததும் நிறுத்திச் சிரித்தார்.

"தங்கச்சி, உலகத்தில எந்த மாசத்துக்கு முப்பத்திரண்டு நாள்? நீர் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் எண்ணப் படிப்பிக்கிறனீரோ?"

அறை முழுவதும் சிரித்தது. அவருடைய மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் விளக்க வாயெடுத்தேன். "சரி சரி, கை தவறினது, நான் பாக்கிறன்" என்று சிவப்புப் பேனையால் முப்பத்திரண்டை வெட்டி முப்பத்தொன்று ஆக்கினார். ஆடி முதல் எல்லாத் தேதியும் ஒரு நாள் முன்னுக்கு நகர்ந்தது. அப்படியே பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தார்.

கை ஒன்றும் தவறவில்லை. தமிழ் மாதம் யாரோ வைத்த எண்ணிக்கை அல்ல. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்து மறு ராசிக்குப் போக எடுக்கும் காலம்தான் மாதம். ராசிகள் எல்லாம் ஒரே அளவு. சூரியனின் நடைதான் ஒரே அளவு இல்லை. ஆனியில், மிதுனத்தைக் கடக்கும்போது, பூமி சூரியனிலிருந்து மிகத் தூரமான இடத்தை நெருங்குவதால் நடை மெதுவாகி முப்பத்தொன்றரை நாளுக்கு மேல் பிடிக்கும். மார்கழியில் கிட்ட இருப்பதால் இருபத்தொன்பது நாளும் சில மணியும் போதும். அந்த மிச்ச மணிகள்தான் வருடத்துக்கு வருடம் ஒரு நாளைக் கூட்டும், குறைக்கும். அந்த வருடம் சூரியன் கடகத்துக்குள் நுழைந்தது பொழுது சாய்ந்த பிறகு. அப்படி நுழைந்தால் மறுநாள்தான் ஆடிப் பிறப்பு. ஆகவே ஆனிக்கு முப்பத்திரண்டு.

இதையெல்லாம் அன்றே அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஞ்சாங்கத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எங்கேயாவது இடறுவார் என்று காத்திருந்தேன்.

ஜூலையில் செயலாளர் வீட்டுக் குடிபுகுதலுக்கு அழைப்பு வந்தது. கிளென் வேவர்லியில் புது வீடு. ஆடியில் யாரும் குடிபுக மாட்டார்கள் அல்லவா, அதனால் ஆடி முடிந்த கையோடு, ஆவணி முதலாம் நாள், ஆகஸ்ட் பதினாறு, சனிக்கிழமை. எனக்குச் சிரிப்பு வந்தது. அது ஆவணி அல்ல. ஆடி முப்பத்தொன்று. ஒரு நாள் பொறுத்து ஞாயிறு வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். நான் அழைக்கவில்லை. எத்தனையோ இரவு நித்திரை வராமல் அந்தச் சிரிப்பைக் கேட்டவள் நான்.

அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு, பஞ்சாங்கத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கதிரைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு அவரிடம் போய்ப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன்.

"அண்ணை, இண்டைக்கு என்ன தேதி எண்டு ஒருக்கால் சத்தமாய் வாசியுங்கோ."

வாசிக்கத் தொடங்கினார். பாதியில் குரல் நின்றது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப்பார்த்து, "ஐயோ, இண்டைக்கும் ஆடியே?" என்றார். அது கதிரைக்குக் கதிரை போனது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் இனித்தது.

"ஆனிக்கு எத்தனை நாள், அண்ணை?"

"முப்பத்திரண்டு" என்றார். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அவருடைய மனைவி அடுப்படியில் நின்றாள். பால் சட்டி இன்னும் கையில். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"காலமை நான் விளக்கோட முதல் காலை உள்ளுக்கு வைக்கேக்க நீர் வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீர்." அவள் கத்தவில்லை. "அவருக்கு உதில நம்பிக்கையே இல்லை. நாள் பாக்கச் சொல்லிக் கேட்டது நான்."

தண்ணீர் குடிக்காமலே கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள், உண்மையான ஆவணி முதலாம் தேதி, அவள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுப் பால் காய்ச்சினாளாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை.