விலாவாரி எழுதிய மூன்று வரி

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பேர் வாங்கியவள் சினிமாவுக்கு வசனம், காட்சி எழுத வந்தாள். யூனிட்டில் அவளுக்கு விழுந்த பெயர் 'விலாவாரி'. நேரில் மட்டும் மேடம்.

முதல் படத்திலேயே பெரிய காட்சி. கணவனை அடக்கம் செய்துவிட்டு மனைவி தனியாக வீடு திரும்புகிறாள். விலாவாரி ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளினாள்: 'தாம்பத்தியத்தின் கசப்பும் இனிப்பும் நெஞ்சில் மோத, மூன்று அடி நடந்து, இடப்பக்கம் திரும்பி, பெருமூச்சு விட்டு, வலது கையால் நாற்காலியைத் தொட்டு, அவன் எழுதிய முதல் கடிதத்தை நினைத்துக்கொள்கிறாள்...'

ஒத்திகையில் மூத்த நடிகை ஒன்று விடாமல் செய்து காட்டினாள். லைட்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

"மேடம், திரும்பினது தெரிஞ்சுது. கடிதம் தெரியலையே?" என்றான் டைரக்டர்.

"மனசுக்குள்ள நினைக்கிறாங்க, தம்பி."

"கேமரா அங்க போகாதே."

"மூணாவது அடி வைக்கறதுக்குள்ள புருஷன் செத்ததே மறந்துபோச்சும்மா. அடியத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றாள் நடிகை.

விலாவாரிக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குப் போய் ஒரே வரியாக வெட்டினாள்: 'வீட்டுக்குள் நுழைந்தவள் வெறுமையை உணர்கிறாள்.' சுருக்கினால் போதும் என்று நினைத்தாள்.

டைரக்டர் தலையைச் சொறிந்தான். "சின்னதாத்தான் இருக்கு. ஆனா வெறுமைய நான் எங்க நிக்க வைப்பேன், மேடம்?"

கோபத்தோடு போய், படத்துக்காகப் போட்ட வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்தாள். சோபா, டிவி. டிவி மேல் ஆர்ட் டிபார்ட்மென்ட் வைத்திருந்த ஆம்பளை மூக்குக்கண்ணாடி. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்:

'மனைவி கதவைத் திறக்கிறாள். டிவி மேல் கணவனின் மூக்குக்கண்ணாடி.

அதை எடுத்துத் துடைக்கிறாள்.

இருந்த இடத்திலேயே வைக்கிறாள்.'

'கண்கள் கலங்க' என்று சேர்க்காவிட்டால் கை அடங்காது போலிருந்தது. சேர்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கோடு போட்டு அடித்தாள்.

படப்பிடிப்பில் நடிகை கண்ணாடியைத் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஏதோ அழுக்குத் தெரிந்ததுபோல வாயால் ஊதி மறுபடி துடைத்தாள். இதையெல்லாம் யாரும் எழுதியிருக்கவில்லை. டைரக்டருக்கு 'கட்' சொல்லத் தோன்றவில்லை. விலாவாரி மானிட்டருக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினாள்.

படம் வந்தது. பத்திரிகை விமர்சனத்தை விலாவாரியின் புருஷன் காலைக் காபியோடு உரக்கப் படித்தான்: "'எழுத்தின் துணையே தேவைப்படாத காட்சி. நடிகையின் தன்னிச்சையான மேதைமை!'" பேப்பரை மடித்தான். "ஆமா, அந்த இடத்துல உனக்கு என்ன வேலை இருந்துச்சு? அவங்க பாட்டுக்குத் துடைச்சாங்க, வெச்சாங்க."

விளக்கம் சொல்ல அவள் வாயெடுத்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

"விடு, அடுத்த படத்துல நல்லா எழுது" என்று தட்டிக்கொடுத்துவிட்டு அவன் குளிக்கப் போனான்.