நான் வாசிக்காமல் விட்ட இரண்டு வரிகள்

கிளினிக் கதிரையில் என்னால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போவேன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் அசையாமல் நிற்கும். திரும்பி வருவேன்.

"அப்பா, நீங்கள் இப்பிடி நடந்தா, என்ர நம்பரைக் கூப்பிட முந்தி உங்களைத்தான் கட்டிலில போடுவினம்" என்றாள் மகள். பக்கத்திலிருந்த பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். பிள்ளையில்லை. மாதவிலக்கு வரும் நாட்களில் சுருண்டு படுத்துவிடுவாள். போன கிழமை எடுத்த ஸ்கானில் இடது சூலகத்தில் ஐந்து சென்ரிமீற்றர் கட்டி ஒன்று, எண்டோமெட்ரியோமா என்று எழுதியிருந்தது.

"கட்டி எண்டவுடன பயப்படாதேங்கோ பிள்ளை" என்றார் டொக்டரம்மா. "ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு அர்த்தம். வெறும் தண்ணி நிறைஞ்ச மெல்லிய கட்டியெண்டா, உங்கட வயசில அனேகமா தானாப் போயிடும். டெர்மொயிட் எண்டா உள்ளுக்க கொழுப்பு, மயிர், சிலவேளை பல்லும் கிடக்கும். அது போகாது, மெதுவா வளரும், சூலகத்தை முறுக்கிப்போடவும் கூடும். ஆனா அனேகமா புற்றுநோயில்லை. உங்கட இது கருப்பை உட்சவ்வு மாதிரியான சவ்வு சூலகத்தில வளர்ந்து, பழைய இரத்தம் தேங்கின கட்டி. இதுவும் லேசில கரையாது. நோவும் இதாலதான். பிள்ளை தங்கக் கொஞ்சம் கஷ்டம், ஏலாது எண்டில்லை."

"வெட்டி எடுக்கலாந்தானே, டொக்டர்?" என்றாள் மகள்.

"எடுக்கலாம். ஆனா அதோட நல்ல சூலகத்திலயும் கொஞ்சம் போகும். பிள்ளை வேணுமெண்டு இருக்கிற உங்களுக்கு யோசிச்சுத்தான் செய்யவேணும். எவ்வளவு வேகமா வளருதெண்டு தெரிஞ்சா நல்லது. முந்தி ஸ்கான் எடுத்தனீங்களே?"

"நாலு வருஷத்துக்கு முந்தி ஒண்டு. பயப்பட ஒண்டுமில்லையாம். அப்பாதான் வாசிச்சுச் சொன்னவர்."

"அந்த ரிப்போட்டைத் தேடிக் கொண்டுவாங்கோ."

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கோப்புகளோடு இருந்தவன் நான். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதுதான் தீர்ப்பு. சொந்த வீட்டிலும் அப்படியே. நாலு வருடத்துக்கு முன் அந்த ஸ்கான் எடுத்த நேரம் மகள் நோவில் படுத்திருந்தாள். ரிப்போட்டை எடுத்துவந்தவனும் நான், முற்றத்தில் நின்று மனைவிக்கு வாசித்தவனும் நான்.

"இரத்தக் கசிவுள்ள கட்டி. தானாகக் கரையும்" என்றேன். அதற்கு முன் மனைவிக்கு ஒரு நீர்க்கட்டி வந்து இரண்டு மாதத்தில் காணாமல் போயிருந்தது. அவள் உடனே நம்பினாள்.

ஆனால் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. எண்டோமெட்ரியோமாவாகவும் இருக்கலாம், ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள் மறுபடி ஸ்கான் எடுத்துப் பார்க்கவும். இரத்தக் கட்டியென்றால் அதற்குள் சுருங்கிவிடும், மற்றதென்றால் அப்படியே இருக்கும். அதற்காகத்தான் அந்த வரி. எனக்கு அது நன்றாகவே விளங்கியது. அதே கிழமைதான் கப்பல்துறை ஊரிலிருந்து மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. அந்த இரண்டு வரிகளை நான் வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்து அலுமாரியில் காணி உறுதிப் பத்திரங்களின் கீழே வைத்தேன். பிறகு மகள் நோகுது என்று சொன்ன ஒவ்வொரு முறையும், "பொம்பிளையளுக்கு உள்ளதுதானே" என்றேன்.

கிளினிக்கிலிருந்து வந்த மகள் எங்கள் வீட்டிலேயே நின்று பழைய பைகளையெல்லாம் கொட்டித் தேடினாள். நான் குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவள் கட்டிலுக்கடியில் குனியப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்னால் தாங்க முடியவில்லை. அலுமாரியைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"அடியில இருக்கிறதை அண்டைக்கு நான் வாசிக்கேல்ல. தெரிஞ்சுதான் விட்டனான்."

அவள் நின்றபடியே வாசித்தாள். மூன்று சென்ரிமீற்றர் என்ற இடத்தில் விரலை வைத்தாள். பிறகு கடைசி இரண்டு வரிகளுக்கு வந்தாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"கல்யாணத்துக்காகவோ?"

"ஓம்."

"அவருக்குச் சொல்லிப்போட்டே கல்யாணம் கட்டியிருப்பன், அப்பா" என்றாள். குரல் உயரவில்லை. "நாலு வருஷம் இந்த நோவை நான் சும்மா பெரிசாக்கிறனெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

பிழை என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால், அதையும் அவளே எனக்காகச் சுமக்க வேண்டியிருக்கும்.

அடுத்த கிளினிக் நாளில் இரண்டு ரிப்போட்டையும் அவளே தன் கைப்பையில் வைத்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வாங்கோ. வெளியில இருங்கோ."

நாலு வருடத்தில் இரண்டு சென்ரிமீற்றர்தான் வளர்ந்திருக்கிறது, இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை, பிள்ளை தங்குவதற்கான சிகிச்சையை முதலில் பார்ப்போம் என்று டொக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். அதை நான் அறிந்தது வீட்டில், அவள் அந்தக் காகிதத்தைத் தாய்க்கு வாசித்துச் சொன்னபோது. ஒரு வரி விடாமல், அடிவரை வாசித்தாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.