மருமகளை ‘நீ’ என்று அழைத்தது

ஆவணி ஐந்து, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மகனும் மருமகளும் சின்ன காஞ்சிபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். திருமணம் கொரியாவில் முன்பே பதிவாகியிருந்தது. மருமகள் இங்கு வருவது முதல் முறை. அவளிடம் நான் கொரிய மொழியில் பேசினேன். நான் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து நின்றாள். பகல் உணவில் பாதியை இலையிலேயே விட்டாள்.

என் கொரிய அறிவு தொலைக்காட்சித் தொடர்களால் வந்தது. நான் ஏனாத்தூரில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மனைவியும் நானும் மாலைதோறும் அவற்றைப் பார்த்தோம். அவளுக்குக் கதை, எனக்கு வினைமுற்றுகள். சென்ற ஐப்பசியில் அவள் காலமானாள். மருமகளைக் கொரிய மொழியில் வரவேற்பது அவள் ஏற்றிருந்த பொறுப்பு. அது எனக்கு வந்தது.

மரியாதையில் குறை வைக்கலாகாது என்று, அலுவலகத் தொடர்களில் தலைவருக்கு முன் ஊழியர்கள் பேசும் நடையையே தேர்ந்தேன். ‘வணக்கம்’ என்பதற்கு ‘அன்னியோங் ஹஷிம்னிக்கா’. ‘உணவு அருந்தினீர்களா’ என்பதற்கு ‘ஷிக்ஸா ஹஷொஸ்ஸும்னிக்கா’. உச்சரிப்பு எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

மாலையில் மகன் தனியே வந்தான்.

“அப்பா, அவ மேல ஏதாவது கோவமா?”

“இல்லையே. மிகுந்த மரியாதையுடன் அல்லவா பேசுகிறேன்?”

“அதாம்ப்பா பிரச்சனை. தான் வந்தது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு கேக்கறா. அம்மா இல்லாத வீட்ல அவ ஒரு பாரமோன்னு வேற. நாளைக்கே சென்னைக்குப் போய் ஓட்டல்ல தங்கலாங்கறா.”

மனைவியின் தங்கை கூடத்தில் மந்தார இலையிலிருந்து கோயில் இட்லியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்காளுடன் சேர்ந்து எல்லாத் தொடர்களையும் பார்த்தவள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னா மாமா, மருமகளுக்கு இண்டர்வியூ வச்சிக்கினு இருக்கீங்களா? எங்க அக்கா உங்ககிட்ட சண்ட போட்டா எப்டி கூப்புடுவா?”

“‘வாங்க, சாப்பிடுங்க’ என்பாள்.”

“மத்த நாள்ல?”

“‘வாப்பா, சாப்புடு’ என்பாள்.”

“அவ்ளோதான் மாமா! ‘சாப்ட்டேன்’னு சொல்லணும்னு வச்சிக்கோங்க. ஆபீஸ்ல பெரியவர் கேட்டா ‘மொகொஸ்ஸும்னிதா.’ பக்கத்து வீட்டு அம்மா கேட்டா ‘மொகொஸ்ஸொயோ.’ சிநேகிதி கேட்டா வாலை வெட்டிட்டு ‘மொகொஸ்ஸொ.’ சீரியல்ல புருஷனும் பொண்டாட்டியும் குழைஞ்சிக்கினு இருப்பாங்க. திடீர்னு ஒருத்தர் ‘ம்னிதா’ன்னாங்கன்னா வக்கீல் வரப்போறாருன்னு அர்த்தம்.”

“மாமனாரு மருமககிட்ட வாலை வெட்டிப் பேசலாம் சித்தி,” என்றான் மகன். “நம்ம அப்பாகிட்ட அவ பேசறப்ப வெட்டக் கூடாது. அப்பா பேச்ச இறக்கினாத்தான் அவளுக்கு மூச்சு வரும்.”

விதி விளங்கியது. என் தயக்கம் விதியைப் பற்றியதன்று. வால் வெட்டிய அந்த நடையில் என்னிடம் பேசியவர் ஒருவரே. தொடர் முடிந்து எழுந்ததும் சமையலறையிலிருந்து, ‘பாப் மொகொஸ்ஸொ?’ என்று குரல் வரும். சாப்பிட்டாயா என்று பொருள். தோசை வார்ப்பதற்கு முன்பே அதைக் கேட்பாள். சாப்பிட்டிருக்க வழியே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஐப்பசிக்குப் பின் அச்சொற்களை நான் வாயில் கொண்டுவரவில்லை.

மறுநாள் காலை மருமகள் பெட்டிக்கருகே அமர்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழ முற்பட்டாள். உட்காரச் சொல்லிக் கையமர்த்தினேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“சேஆகா,” என்றேன். தொடர்களில் மாமனார் புது மருமகளை இப்படித்தான் அழைப்பார். புதுக் குழந்தை என்று பொருள். “பாப் மொகொஸ்ஸொ?”

அவள் கையிலிருந்த துணி மடியில் விழுந்தது. பிறகு முகம் முழுதும் சிரித்தாள்.

“ஆனியோ, அபொனிம். ஆஜிக் ஆன் மொகொஸ்ஸொயோ.” இல்லை அப்பா, இன்னும் சாப்பிடவில்லை. அவள் தன் சொல்லின் வாலை வெட்டவில்லை. அது முறையும்கூட. ஆனால் எழுந்து நிற்கவுமில்லை.

“அப்படியானால் வா,” என்றேன், தமிழில். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நேற்றைய கோயில் இட்லியைச் சூடாக்கினோம். அவள் மிளகைத் தேடித்தேடி எடுத்து ஓரம் வைத்தாள். மைத்துனி, “கொரியாக்காரி காரத்துக்கு பயப்படறா பாரு!” என்றாள். மகன் அதை மொழிபெயர்த்ததும், மருமகள் ஓரம் வைத்த மிளகையெல்லாம் ஒரே வாயில் போட்டு மென்று, கண்ணில் நீர் வர எங்களைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். பெட்டி திறந்தபடியே கிடந்தது. மாலையில் அதிலிருந்த துணிகள் கொடியில் காய்ந்தன.

இன்னும் செய்யாதவை:
மருமகளை மாகறல் கோயிலுக்கு அழைத்துச் செல்வது.
மனைவி எடுத்து வைத்த அரக்குப் புடவையை அவளிடம் கொடுப்பது.
பாதியில் நின்ற தொடரின் மீதியைப் பார்ப்பது. அவளும் உடன் இருந்தால் நல்லது.
சம்பந்தியிடம் தொலைபேசியில் பேசுவது. அங்கே ‘ம்னிதா’ வேண்டும்.