கஸ்தூரி டீச்சரின் படக் கடிதம்

மலேசியாவின் குளுவாங் நகரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருஷமாக வரலாறு சொல்லிக்கொடுக்கும் கஸ்தூரி டீச்சரிடம் ஆண்டிதழ்ப் பொறுப்பு வந்தது, வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லாததால்தான். பதினோரு வருஷமாக அது அவர் தலையில். இந்த வருஷத்தோடு பணி ஓய்வு. கடைசி வருஷமாவது நிம்மதியாகப் போகும் என்று நினைத்திருந்தார், பாவம்.

பள்ளி இந்த வருஷம் புது மாணவர் அட்டை அடிக்கத் தீர்மானித்தது. ஸ்டூடியோ செலவு வேண்டாம், பிள்ளைகளே கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வந்த படங்களைப் பார்த்து டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. ஒருத்திக்குக் கண் இரண்டும் கோலிகுண்டு. ஒருவனுக்குப் பின்புலத்தை மாற்றிய செயலி ஒரு காதையும் சேர்த்து வெட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பையன் ஒருவனின் திருநீற்றைக்கூட அழுக்கு என்று துடைத்திருந்தது. ஐந்தாம் படிவத்து ஜீவனை அவராலேயே அடையாளம் காண முடியவில்லை. இத்தனைக்கும் அவர்தான் அவனுக்கு வகுப்பாசிரியர்.

அன்றைக்கே உட்கார்ந்து மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அட்டைப் படத்தில் வெட்டி நேராக்கலாம். மொத்தப் படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். அவ்வளவுதான். பரு இருந்தால் பருவோடு வரட்டும். வெற்றுச் சுவருக்கு முன்னால் நில்லுங்கள், பின்னால் சுவரை ஒட்டவைக்காதீர்கள். கைப்பேசி தானாகவே முகத்தை மெழுகும், அதை அணைத்துவிட்டு எடுங்கள். ஆண்டிதழில் கொஞ்சம் தாராளம்: பரு, முகத்து எண்ணெய்ப் பளபளப்பு, பறக்கும் முடி, கண்ணாடியின் ஒளித்தெறிப்பு இவற்றை நீக்கலாம். இரண்டு வாரத்தில் தானே போகிற எதுவும் போகலாம். மச்சம், தழும்பு, பல், மூக்கு, தாடை, தோலின் நிறம், இவற்றில் கை வைக்கக் கூடாது. குழுப்படத்தில் ஆளையோ பொருளையோ சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

கடிதம் போன மறுநாளே அவர் வகுப்பின் தலைவி பிரவீனா வந்து நின்றாள். போன வருஷம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவள் இடது கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு.

"அட்டையில இருக்கட்டும் டீச்சர். புக்குல மட்டும் எடுத்துடலாமா? ப்ளீஸ் லா டீச்சர்."

"ரெண்டு வாரத்துல போயிடுமாம்மா?"

"போகாது."

"உனக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும். பிறகு கடிதம் எதுக்கு?"

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று டீச்சருக்கு இருந்தது. அன்று முழுவதும் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார்.

கடிதத்துக்குப் பிறகும் இருபத்து மூன்று படங்கள் தேறவில்லை. அட்டைக்குக் கெடு வந்துவிட்டதால், ஆண்டிதழ் வகுப்புப் படம் எடுக்கும் நாளிலேயே அந்த இருபத்து மூன்று பேரையும் மேல்மாடி அறிவியல் கூடத்தில் வரிசையாக நிறுத்தித் தானே படம் எடுத்தார். கீழே திடலில் ஸ்டூடியோக்காரர் லோகேஸ்வரன் வகுப்பு வகுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். ஜீவன் ஓடி வந்தான்.

"டீச்சர், நம்ம கிளாஸ் டர்ன் வந்துருச்சு!"

"ரெண்டு நிமிசம்டா, இதோ வந்துட்டேன்."

உதட்டுச் சாயத்தைத் துடைக்க மாட்டேன் என்று ஒருத்தி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சமாளித்து டீச்சர் இறங்கி வந்தபோது, அவர் வகுப்பு படம் எடுத்து முடித்துக் கலைந்து போயிருந்தது. வேறு வகுப்பு ஏறி நின்றது. அதன்பின் மழை வந்து பெஞ்சுகளை உள்ளே தூக்கிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அச்சுக்கு முந்தைய பக்கங்கள் வந்தன. ஒவ்வொரு வருஷமும் செய்வதுபோல் டீச்சர் முதலில் தன் வகுப்பைத்தான் புரட்டினார். முன்வரிசை நடுவில் அவரே உட்கார்ந்திருந்தார்! ஆசிரியர் தினப் படத்தில் கட்டியிருந்த பச்சைச் சேலை. முப்பத்து மூன்று பிள்ளைகளின் நிழலும் இடப்பக்கம் சாய்ந்திருக்க, அவருக்கு மட்டும் நிழலே இல்லை. தலைமுடி கன்னங்கரேல். மோவாயில் இருந்த மச்சத்தைக் காணோம்.

லோகேஸ்வரனைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"பிள்ளைங்கதான் கேட்டாங்க டீச்சர். நீங்க வேற ரிட்டயர் ஆகப்போறீங்க. நான் சும்மா ஒரு அன்புக்குச் செஞ்சேன்."

"என் மச்சத்த எடுக்கறதுதான் அன்பா?"

பிள்ளைகளைக் கேட்டார். "நீங்க அன்னிக்கு ஸ்கூல்லதானே இருந்தீங்க டீச்சர்" என்றான் ஜீவன். "வராதவங்களயா ஒட்டுனோம்?"

"நாற்காலியில இருந்தேனா?"

"இல்ல."

"அப்ப படத்துலயும் இல்ல."

முப்பதுக்கு மேல் வகுப்புப் படங்கள் வீட்டில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நடுவில் அவர். கடைசி வகுப்பில் மட்டும் இல்லாமல் போவதை அவரால் தாங்க முடியவில்லை. மறுபடி எடுத்துவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார். அரசுத் தேர்வுக்கு முந்தைய முன்னோட்டத் தேர்வு முடிந்து வகுப்புகள் ஓய்ந்திருந்தன. பாதிப் பேர் பகுதிநேர வேலைக்குப் போய்விட்டார்கள், ஒரு பையன் குடும்பத்தோடு ஜோகூர் பாருவுக்கே மாறிவிட்டான். வந்தது பத்தொன்பது பேர். பதினான்கு பிள்ளைகளை இழந்து தனக்கு ஓர் இடமா? வேண்டாம் என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆக, ஒட்டாத அசல் படம்தான். அதில் நடுவில் ஒரு காலி நாற்காலி.

துணைத் தலைமையாசிரியர் ருக்னுதீன் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன கஸ்தூரி இது, யாரோ செத்துப்போன மாதிரி இருக்கு. அந்த நாற்காலியயாவது அழிக்கச் சொல்லுங்க. நாற்காலிதானே, மனுசனா?"

"பொருளையும் எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன் சார்."

"எழுதுனது நீங்கதானே. நீங்களே மாத்துங்க."

மாற்றியிருக்கலாம். ஒரு வரிதான். யாரும் கேட்கப் போவதில்லை. தன் கடிதத்தின் மேலேயே டீச்சருக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அதை எழுதாமல் இருந்திருந்தால் இருபத்து மூன்று பேர் மேலே வந்திருக்க மாட்டார்கள், அவரும் கீழே இருந்திருப்பார். கோலிகுண்டுக் கண்ணோடே அட்டை அடித்துத் தொலைத்திருக்கலாம்.

படத்துக்குக் கீழே பெயர்களைத் தட்டச்சு செய்ய பிரவீனா வந்திருந்தாள். இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராக வந்தது. கடைசியில் ஆண்டிதழ் வழக்கப்படி 'வராதவர்' என்ற வரி. அவள் கை நின்றது.

"போடும்மா" என்றார் டீச்சர். "வகுப்பாசிரியர் கஸ்தூரின்னு போடு."

பிரவீனா போட்டாள். திரையில் அவள் கன்னத்துத் தழும்பு அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை.

"இந்த நாற்காலிய அழிச்சிடாதீங்க டீச்சர்."

"ஏன்?"

"அன்னிக்கு போட்டோக்காரர் அத எடுத்துடச் சொன்னாரு. சேர்ந்து நெருக்கி உக்காருங்க, படம் அழகா வரும்னாரு. நாங்கதான் எடுக்க விடல. டீச்சர் வந்துகிட்டு இருக்காங்கன்னு சொல்லி, வெயில்ல பத்து நிமிசம் சண்ட போட்டோம்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்த பிறகும் திரை கலங்கித்தான் தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தில், மாற்றம் எதுவும் வேண்டாம், அப்படியே அச்சிடவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.