அடக்கம் என்று பேர் வாங்கிய பயம்

பரிமளம் அடக்கமானவள் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டும். அடக்கமாவது மண்ணாவது, ஆங்கிலத்தில் வாய் திறக்கப் பயம், அவ்வளவுதான். கண்டியில் குடிநீர்த் திட்டம் பார்க்கும் அந்த அலுவலகத்தில் அவள் கிளாக்கர். எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவாள். வெள்ளைக்காரப் பொறியியலாளர்கள் வந்து உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலதிகாரி வரதராசா அவள் எழுதியதையே தன்னுடையதாகப் பேசுவார். பக்கத்தில் இவள் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் அன்றிரவு சோறு இறங்காது.

திட்டத்துக்கு இணைப்பாளர் ஒருவரை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. மாதாந்தக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை. பரிமளம் தன் ஊரான கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறி, திரேசா டீச்சர் சனிக்கிழமைகளில் நடத்தும் ஆங்கிலப் பேச்சு வட்டத்தில் சேர்ந்தாள்.

அங்கே வந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு வந்தவர்கள் போல, மேடை வேண்டும், மைக் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். டீச்சரும் விட்டுப்பார்த்தார். பரிமளம் மனப்பாடம் செய்துகொண்டு ஏறினாள். நடுவில் ஒரு சொல் மறந்தது, அதோடு எல்லாம் போயிற்று. பின்வரிசையில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். கீழே இறங்கியவள் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த கிழமை மைக்கைக் காணோம். கதிரைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே போடப்பட்டிருந்தன. ஒரே சங்கதியை மூன்று பேரிடம் மாறி மாறிச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் நேரம் குறையும். சொல்லி முடியும்வரை யாரும் திருத்தக்கூடாது.

"பிழை வந்தா வரட்டும், நிப்பாட்டாதேங்கோ. சொல் வராட்டி வேற சொல்லாலை சுத்திச் சொல்லுங்கோ," என்றார் டீச்சர்.

அக்குறணையிலிருந்து வகுப்புக்கு வரும் ஆஸியா உம்மா எதிரே உட்கார்ந்தார். பரிமளம் தன் வீட்டருகே நாறும் சாக்கடைக் கானைப் பற்றிச் சொன்னாள். முதல் தடவை திக்கித் திணறியது. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது, சொல்லைத் தேடுவது குறைந்து கோபம் தானாக வந்தது. ஆனாலும் முன்னேற்றம் எப்போதும் ஏறுமுகமாகவே போகவில்லை. சில சனிக்கிழமைகளில் மறுபடி வாய் கட்டிக்கொண்டது. அவள் வருவதை மட்டும் விடவில்லை. மழைக்காலம் போய் அடுத்த மழையும் வந்தது. நெஞ்சு இன்னமும் படபடத்தது, படபடப்போடேயே பேசப் பழகிவிட்டாள்.

இணைப்பாளர் வேலைக்கு அதுவரை யாரும் அமையவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவர் கலகெதரப் பக்கம் போட்ட குழாய்களைப் பற்றிக் கேட்டார். வரதராசா கனைத்துக்கொண்டு தயாராவதற்குள் பரிமளம் தொடங்கிவிட்டாள். இறந்தகாலமும் நிகழ்காலமும் குழம்பின. ஒரு கருவியின் பெயர் வராமல் அது செய்யும் வேலையைச் சொன்னாள். பொறியியலாளர் திருப்பிக் கேட்டார், அவள் பதில் சொன்னாள். மிச்சக் கேள்விகளையும் அவளிடமே கேட்டார்கள். வேலை அவளுக்கென்று அன்றே முடிவாயிற்று.

வெளியே வரும்போது வரதராசா சிரித்தார். "உங்கட இங்கிலீஷ் பரவாயில்லையே. இவ்வளவு நாளும் ஏன் ஒளிச்சு வைச்சனீங்கள்?"

அவரைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. அதைவிட, அந்த வாயிலிருந்து இப்படியொரு பாராட்டு விழாதா என்று இத்தனை வருடம் காத்துக்கிடந்த தன்னை நினைக்கத்தான் அவளுக்கு அதிகம் அருவருத்தது.