இருநூறு நாள் கோடு

அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் படம் எடுக்கும் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'இருநூறு'. பங்குச் சந்தை பற்றி யார் வாயைத் திறந்தாலும், "இண்டெக்ஸ் இருநூறு நாள் கோட்டுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். பெயர் ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

அவர் பயந்த மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் சந்தை சரிந்தபோது, "இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது" என்று ஒவ்வொரு படியிலும் வாங்கினார். அது இறங்கிக்கொண்டே போனது. ஒன்பது வருடச் சேமிப்பு எட்டு மாதத்தில் கரைந்தது. அதன் பிறகுதான் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

கணக்கு எளிது. சந்தை மொத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இண்டெக்ஸின் கடைசி இருநூறு நாள் முடிவு விலைகளைக் கூட்டி இருநூறால் வகுத்தால் ஒரு எண். தினமும் ஒரு புள்ளி, புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடு. இண்டெக்ஸ் அதற்கு மேலே முடிந்தால் பங்கு வாங்கலாம். கீழே முடிந்தால், எந்தப் பங்கு என்ன குதி குதித்தாலும் புதிதாக வாங்கக் கூடாது. நாளை நடப்பதைக் கோடு சொல்லாது. மெதுவாகத்தான் திரும்பும், சில சமயம் ஏமாற்றும். ஆனால் சந்தை சரியும், கரடி நடமாடும் மாதங்களில் கையைக் கட்டிப்போடும். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வினை அக்காவின் வடிவில் வந்தது. பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்காரும் அக்காவுக்கு, அத்தான் இறந்த பிறகு கொஞ்சம் பணம் வந்திருந்தது. குடியிருக்கும் வீட்டையே விலைக்குத் தருவதாக வீட்டுக்காரர் சொல்லி, ஆறு மாதம் அவகாசமும் கொடுத்திருந்தார். அவளிடம் இருந்த பணம் அந்த விலைக்கு நூற்றுக்கு எட்டு குறைந்தது.

"நீ பார்த்துக்கோடா. பேங்க்ல கிடந்தா ஆறு மாசத்துல என்ன வரும்?" என்றாள் அக்கா.

இரண்டு முறை மாட்டேன் என்றார். மூன்றாவது முறை அவள் கேட்டபோது அவகாசத்தில் மூன்று மாதம் ஓடியிருந்தது; அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். சில மாதத்தில் தேவைப்படும் பணத்தைச் சந்தையில் போடக் கூடாது என்று கேன்டீனில் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் அவர்தான்.

சந்தை கோட்டுக்கு மேலேதான் இருந்தது. மூன்று வாரத்தில் ஏழு கம்பெனிப் பங்குகள் வாங்கினார். ஒன்றுகூட உருப்படவில்லை. வாங்கிய மறுநாளே விழுந்தன. நான்கு பங்குகள், இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்பே போட்டுவைத்த ஸ்டாப் லாஸைத் தொட்டு, நஷ்டத்தில் தானாகவே விற்றுப்போயின. தினமும் கோட்டைப் பார்த்தார். இண்டெக்ஸ் அதற்கு மேலே ஜம்மென்று நின்றது. அப்படியானால் பங்குகள் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கின்றன? இரவில் தூக்கம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நோயாளிகள் இல்லாத நேரம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நின்று போனைப் பார்த்தவர், கண்ணைச் சுருக்கினார். முதல் பங்கு வாங்கிய தேதியிலிருந்து சார்ட்டில் எத்தனை கேண்டில், அதாவது விலைக் கட்டை, என்று எண்ணினார். சந்தை நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. பதினைந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றரை மாதத்துக்கு முன், எலும்பு டாக்டர் ஏதோ கம்பெனியின் பழைய வரலாற்றைக் காட்டச் சொன்னார். பல வருடம் ஒரே திரையில் தெரிவதற்காக, சார்ட்டை நாள் கணக்கிலிருந்து வாரக் கணக்குக்கு மாற்றினார். திருப்பி மாற்றவில்லை. 'இருநூறு' என்ற எண் மட்டும் அப்படியே நின்றது. இத்தனை நாள் அவர் பார்த்தது இருநூறு வாரத்துக் கோடு. ஏறக்குறைய நான்கு வருடச் சராசரி. எங்கேயோ பாதாளத்தில் கிடக்கும் கோடு. அதற்கு மேலே நிற்பது ஒரு பெரிய விஷயமா?

நாள் கணக்குக்கு மாற்றினார். கோடு தலைக்கு மேலே ஏறிக்கொண்டது. இண்டெக்ஸ் அதற்கு நூற்றுக்குப் பதினொன்று கீழே கிடந்தது. கீழே போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. கோடே கீழ்நோக்கி வளைய ஆரம்பித்திருந்தது. ஏழு பங்குகளையும் அவர் கரடியின் வாய்க்குள் நின்று வாங்கியிருக்கிறார்.

படம் எடுக்குமுன் எந்தப் பக்கத்துக் கை என்று நோயாளியிடம் மூன்று தடவை கேட்கிற மனிதர்!

மிச்சம் இருந்த மூன்றையும் உடனே விற்றார். மொத்தத்தில் நூற்றுக்கு ஏழு போயிருந்தது. அக்காவிடம் சொல்லாமல் எப்படியாவது மீட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் மனம் கெஞ்சியது. முன்பு அவரைக் கவிழ்த்த அதே குரல். அன்று சாயங்காலமே அக்காவின் வீட்டுக்குப் போய், உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா திட்டவில்லை. "இன்னும் ரெண்டு மாசம் இருக்கே," என்றாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

பிறகு சந்தை எகிறியது. எட்டே நாளில் நூற்றுக்கு ஒன்பது. அவர் விற்ற மூன்று பங்குகளும் வாங்கிய விலையைத் தாண்டிப் போயின. கேன்டீனில் இருந்தவர்கள் "என்ன இருநூறு, கோடு என்ன சொல்லுது?" என்று சிரித்தார்கள். அக்கா வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"எல்லாரும் வாங்கறாங்கடா. இப்பவாவது போடு."

"இன்னும் கோட்டுக்குக் கீழதான் இருக்கு அக்கா."

"எவ்வளவு கீழ?"

"நூத்துக்கு மூணு."

"மூணுதானே! அந்தக் கோடு தப்புன்னா?"

"தப்பா இருக்கலாம். நிறைய தடவை தப்பாதான் இருக்கும்."

"அப்புறம் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறே?"

"அது சரியா இருக்கிற அந்த ஒரு தடவை, கேக்காம போனா சந்தை நம்மளை மொத்தமா முழுங்கிடும் அக்கா. நான் ஒரு தடவை பார்த்துட்டேன்."

"வீடு கைவிட்டுப் போகுதுடா," என்றாள். அழுதேவிட்டாள். அவள் சொன்னதுதான் சரியோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அக்கா போன பிறகு போனில் பங்கு வாங்கும் திரையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைப் பக்கத்து நர்ஸிடம் கொடுத்தார்.

இண்டெக்ஸ் கோட்டை எட்டிப் பிடிக்கும் தூரம் வரை வந்தது. தொடவில்லை. திரும்பியது. அடுத்த ஆறு வாரம் அது இறங்கிய இறக்கத்தில் கேன்டீனில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. அவர் சொன்னது பலித்ததில் அவருக்கு ஒரு பொட்டு சந்தோஷம்கூட வரவில்லை. கெடு முடிந்தது. வீட்டுக்காரர் வேறு யாருக்கோ வீட்டை விற்றுவிட்டார்.

அக்கா புது வாடகை வீட்டுக்குப் போன அன்று பெட்டிகளை மாடிக்குத் தூக்கியவர் அவர்தான். பழையதைவிட இரண்டு அறை குறைவு. கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மீதிப் பணம் முழுவதையும் அவள் கணக்குக்கு அனுப்பினார்.

"வந்துடுச்சா பாரு."

அக்கா போனைப் பார்த்தாள். ஏதோ தட்டினாள். அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பணம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"என்ன அக்கா பண்றே? என்னாலதானே வீடு போச்சு! இனிமே என்னை நம்பாதே."

"உன்னை யாருடா நம்பினா?" என்றாள் அக்கா, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே. "அன்னிக்கு நான் அழுதும் நீ வாங்கலை பாரு. அந்தப் பயத்தை நம்பறேன். கோட்டுக்கு மேல வந்தா சொல்லு."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்பு எல்லாவற்றையும் இழந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.