மேனேஜருக்கு விழுந்த கடி

தையல்கடை மாஸ்டரிடம் ஒரு துணி போய்த் திரும்பி வந்தால், கிழிந்த இடம் எது என்று கொடுத்தவருக்கே தெரியாது. அதே துணியிலிருந்து நூல் உருவி, இழைக்கு இழை ஓட்டி, மேலே ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்த்துக் கொடுப்பார். முப்பது வருஷமாக அதே கடை, அதே மெஷின். கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக வீடு.

துணியில் இருந்த கைராசி அவருக்கு வீட்டிலும் வந்துவிட்டதுதான் வம்பு. எந்தக் கெட்ட செய்தியையும் மேலே ஒரு தையல் போட்டு மூடிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி வெளியூரில் மகளோடு இருந்தபோது, மனைவியின் அண்ணன் குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் போனில் கேட்டவளிடம், "எல்லாரும் நல்லா இருக்காங்க, நீ கவலைப்படாம இரு" என்று நாலு நாள் சொன்னார் மாஸ்டர். ஐந்தாம் நாள் அவள் வந்து பார்த்தது அண்ணனின் உடம்பைத்தான். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே சொன்னது ஒன்றே ஒன்று. "இனிமே நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா நான் எப்படிங்க நம்புவேன்?" அதற்குப் பிறகு அந்த நாலு நாளைப் பற்றி அவர் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது அவள் மறுபடி மகள் வீட்டில். மகளுக்கு ஏழாம் மாதம், படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளம்பும்போது மனைவி ஒப்படைத்துப் போனது மேனேஜரை. மேனேஜர் அவள் வளர்த்த ஐந்து வயது ஆண் பூனை. வெட்டும் மேஜையில் ஏறி உட்கார்ந்து எல்லாரையும் மேற்பார்வை பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் அந்தப் பெயர். "இவனை மட்டும் பாத்துக்குங்க, வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூரைமேல் ஏழு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சண்டை. மேனேஜர் தலைதெறிக்க ஓடி வந்து மெஷினுக்கு அடியில் புகுந்தான். பின்னாலேயே துரத்தி வந்த காதறுந்த கடுவன் பூனை ஒன்று ஜன்னல் விளிம்பில் நின்று ஒரு முறை உறுமிவிட்டுப் போனது. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூனையின் உடம்பு முழுக்கத் தேடினார். வாலுக்குச் சற்று மேலே, முதுகில் இரண்டு சின்னப் புள்ளிகள். குண்டூசி குத்தினாற்போல இருந்தன. ஒரு துளி ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

"முதுகுல கடி வாங்கியிருக்கான்னா திரும்பி ஓடியிருக்கான்னு அர்த்தம்" என்று சிரித்தார் பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர். "மேனேஜர்னா சும்மாவா?"

மறுநாள் பார்த்தால் இரண்டு புள்ளியும் மூடியிருந்தன. தையல் போடாமலே தோல் தானாகச் சேர்ந்துகொண்டதில் மாஸ்டருக்கு ஒரு தொழில் மரியாதையே வந்துவிட்டது. சாயங்காலம் மனைவி போன் செய்து, "மேனேஜர் சாப்பிட்டானா?" என்று கேட்டபோது, "ஜம்முனு இருக்கான்" என்றார். அதில் அன்றைக்குப் பொய் இல்லை.

வியாழக்கிழமை பூனை தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைமேல் ஏறவில்லை. துணிக்கட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். வெள்ளிக்கிழமை மாஸ்டர் முதுகைத் தொட்டதும் சீறிக் கையைப் பிறாண்டினான். கடிபட்ட இடம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, தொட்டால் இஸ்திரிப்பெட்டி வைத்து எடுத்த துணி மாதிரிச் சுட்டது. அன்று போன் வந்தபோது அவர் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது: "ஜம்முனு இருக்கான்."

சனிக்கிழமை காலை துணிக்கூடையில் பூனையைப் போட்டு, மேலே துண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முதலில் காய்ச்சல் பார்த்தார். நூற்று நாலு. வீக்கத்தின்மேல் முடியை மழித்ததும் அந்த இரண்டு புள்ளிகள் பொருக்காகத் தெரிந்தன.

"பூனை கடிச்சு எத்தனை நாளாச்சு?"

"செவ்வாய்க்கிழமை மேடம். ஆனா காயம் மறுநாளே மூடிடுச்சே!"

"மூடினதுதான் சார் கஷ்டம். பூனைப் பல்லு ஊசி மாதிரி. வாயில இருக்கற கிருமிய ஆழமா உள்ள இறக்கிட்டு வெளிய வந்துடும். மேல தோல் ஒரே நாள்ல மூடிக்கும். உள்ள கிருமி மாட்டிக்கிட்டு மூணு நாலு நாள்ல சீழா திரண்டுடும்."

"ஊசி மருந்து போட்டா கரைஞ்சிடாதா?"

"மருந்து ரத்தத்துலதான் போகும். சீழ் தேங்கின பைக்குள்ள ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து சரியா போய்ச் சேராது. அதான் முதல்ல வடிய விடணும். மருந்து அதுக்கு அப்புறம் வேலை செய்யும்."

பூனைக்கு மயக்க ஊசி போட்டார். வீக்கத்தில் மெத்தென்று இளகியிருந்த இடத்தை விரலால் தேடி, தாழ்வான பக்கமாகப் பார்த்துச் சின்னக் கத்தியால் கீறினார். மஞ்சளும் சிவப்புமாகச் சீழ் கொட்டியது. அந்த நாற்றத்தில் மாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா அசராமல் உப்புநீரைப் பீச்சிப் பீச்சி, வெறும் தண்ணீர் வரும்வரை கழுவினார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டார்.

"தையல்?" என்றார் மாஸ்டர்.

"போட மாட்டேன். திறந்தே இருக்கட்டும். அடியிலேர்ந்து சதை வளந்து மேல வரணும். ரெண்டு வேளை வெதுவெதுப்பா உப்புநீர் வெச்சுத் துடைச்சு, மேல பொருக்கு கட்டாம பாத்துக்குங்க. காயத்தை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டியிருக்கற இந்தக் கூம்பைக் கழட்டாதீங்க. மனுஷங்க மாத்திரை எதையும் கொடுத்துடாதீங்க, உயிருக்கே ஆபத்து."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் மாஸ்டர். ஆட்டிய தலைக்குள் அந்த ஓட்டையைத் தவிர வேறு ஒன்றும் ஏறவில்லை. ஒரு சட்டையை இப்படி வாய் பிளந்தபடி வாடிக்கையாளரிடம் கொடுத்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதானே! வீட்டுக்கு வந்து ஒரு நாள் சமாளித்தார். பூனை நடக்கும்போதெல்லாம் அந்த ஓட்டை அவரையே பார்ப்பது போலிருந்தது. ஞாயிறு மாலை காயத்தின் இரண்டு விளிம்பையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மேலே பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டினார். அது நழுவாமலிருக்க, பழைய பனியன் துணியில் அளவெடுத்து ஒரு மேல்சட்டை தைத்து மாட்டினார். நாலு காலுக்கும் துளை, வயிற்றில் நாடா. அவ்வளவு கச்சிதமான சட்டையை அந்தத் தெருவில் மனுஷர்கூடப் போட்டதில்லை. தன் முட்டாள்தனத்தை மனுஷன் எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறான் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை பிரித்துப் பார்த்தார். ஓட்டை மூடி, காய்ந்து, அழகாக இருந்தது. "பாத்தியா?" என்று பூனையிடமே பெருமையடித்தார். அன்று மனைவியிடம் 'ஜம்முனு இருக்கான்' என்று சொன்னபோது குரலில் ஒரு தெம்புகூட இருந்தது. ஆனால் அவள், "நிஜமாத்தானே?" என்று கேட்டாள்.

"நிஜமாத்தான்" என்றார்.

புதன்கிழமை காலை பூனை எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. முதுகில் முந்தியதைவிடப் பெரிய வீக்கம். மாஸ்டர் பூனையின் பக்கத்திலேயே நின்றுவிட்டார். இஸ்திரிக்காரர்தான் கூடையை எடுத்துக்கொண்டு வந்து, "மாஸ்டர், நிக்காதீங்க, வாங்க!" என்று இழுத்துப் போனார்.

டாக்டரம்மா சட்டையைப் பார்த்தார், பிளாஸ்திரி ஒட்டியிருந்த தடத்தைப் பார்த்தார். கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டார். "மூடச் சொன்னேனா சார்?"

"பாக்க சகிக்கல மேடம்..."

"உங்களுக்குச் சகிக்கல. அவனுக்கு வடிஞ்சிட்டிருந்துச்சு, அதை நீங்க அடைச்சிட்டீங்க. சீழ் தோலுக்கு அடியிலயே பரவியிருக்கு."

இந்தத் தடவை கீறல் இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. செத்துப்போன சதையை வெட்டி எடுத்தார். கழுவி முடித்து, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை ஓட்டைக்கு ஓட்டை நுழைத்து, இரண்டு முனையையும் தோலோடு சேர்த்துத் தைத்தார். மாஸ்டர் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடுவதற்குத் தையல் போட்டே வாழ்நாளைக் கழித்தவர் அவர். காயம் மூடிவிடாமல் இருப்பதற்கும் தையல் போடுவார்கள் என்று அன்றுதான் பார்த்தார்.

"நாலு நாள் இது வழியா வடியட்டும். அப்புறம் எடுத்துடலாம். ரொம்பச் சோர்ந்திருக்கான், நாளைக்குக் காலைல சாப்பிட்டான்னா எனக்கு நம்பிக்கை வரும். குணமானதும் ஆண்மை நீக்கம் பண்ணிடலாம், சண்டை குறையும். கடியில பரவுற வைரஸுக்கு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ரத்தப் பரிசோதனையும் பண்ணணும்."

மத்தியானம் வீட்டுக்கு வந்து பூனையைத் தலையணைமேல் கிடத்தினார். மனைவி போன் செய்வது சாயங்காலம்தான். நாளைக் காலை பூனை சாப்பிட்டுவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று ஒரு கணக்கு ஓடியது. சாப்பிடாவிட்டால்? அவள் மறுபடியும் வந்து ஒரு உடம்பைப் பார்க்க வேண்டும். அதற்குமேல் அந்த வீட்டில் அவர் எதைச் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. மாஸ்டர் போனை எடுத்து அவராகவே கூப்பிட்டார்.

"என்னங்க, இந்நேரத்துல? யாருக்கு என்ன?" என்றாள் அவள்.

"மேனேஜருக்கு உடம்பு சரியில்ல. ஒரு வாரமா சரியில்ல. நான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

கடி விழுந்ததிலிருந்து பிளாஸ்திரி வரை ஒன்றும் விடாமல் சொன்னார். முடித்ததும் அவள், "காட்டுங்க" என்றாள். மாஸ்டர் வீடியோவைப் போட்டுப் பூனையின் பக்கம் திருப்பினார். மழித்த முதுகு, ரப்பர் குழாய், அதன் முனையில் கசிந்துகொண்டிருந்த சிவப்பு நீர். மனைவி வெகுநேரம் பார்த்தாள்.

"பிழைச்சுக்குவானா?"

"தெரியல. நாளைக்குத்தான் தெரியுமாம்."

தெரியல என்று அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. திரையில் அவள் முகம் பூனையை விட்டு அவரைத் தேடியது. மாஸ்டர் போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"எங்க அண்ணன் அந்த நாலு நாள்ல பேசினாராங்க?"

"ரெண்டு நாள் பேசினாரு" என்றார்.

"என்னைக் கேட்டாரா?"

இல்லை என்று சொல்ல வாய் தயாராக வந்து நின்றது. சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். இரண்டு வருஷமாக அந்த ஒரு சொல்லைத்தான் அவர் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருந்தார்.

"கேட்டாரு. ரெண்டு நாளும் கேட்டாரு. நீ வந்துட்டிருக்கறதா அவர்கிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். மாஸ்டர் அழாதே என்று சொல்லவில்லை. போனைப் பிடித்தபடி, அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.